இயர்பட்ஸ் போதும் என்று நினைத்தால்

காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு வகுப்பில், ஆசிரியர் மாட்டிக்கொள்ளும் மைக்கிலிருந்து குரலை ரேடியோ அலை வழியாக நேரே பிள்ளையின் காதுக்குக் கொண்டுசேர்க்கும் எஃப்.எம். கருவி வேண்டும் என்று ஆடியாலஜிஸ்ட் சொன்னதும், "புளூடூத் இயர்பட்ஸ் வாங்கினால் போதாதா?" என்று பெற்றோர் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். ஆனால் காதில் எதை மாட்டுகிறோம் என்பதைவிட, மைக் எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் தூரத்தில் ஆசிரியர் குரல் 65 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டர் தள்ளி மூன்றாவது பெஞ்சில் இருக்கும் மாணவிக்கு 53தான் வந்து சேரும். மின்விசிறியும் பிள்ளைகளின் பேச்சும் சேர்ந்து அங்கே 55 இருந்தால், பாடம் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். கேட்கும் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். இயர்பட்ஸின் மைக் அவள் காதிலேயே இருப்பதால் குரலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். வகுப்பறைக் கருவியின் மைக்கோ ஆசிரியரின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. அங்கே குரல் 80ஐத் தொடும்.

சரி, போனையே மைக்காக மேசையில் வைத்தால்? ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் போனதும் அந்த லாபம் போய்விடும். சாதாரண புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை பிந்தியும் வரலாம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு இது பெரிய தொந்தரவு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இயர்பட்ஸ் மாட்டுவதற்காக ஹியரிங் எய்டைக் கழற்றுவது. அந்தப் பிள்ளைக்கு எந்த ஒலி எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப அமைத்த கருவி அது. இயர்பட்ஸில் சத்தத்தைக் கூட்டினால் ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் ஒலிகளும் சேர்ந்து கூடும். ஆசிரியரின் மைக் அனுப்பும் குரலை வாங்கும் வகுப்பறை ரிசீவர் ஹியரிங் எய்டோடு சேர்ந்து வேலை செய்வது. அதனால் வாங்கும் முன் இரண்டும் ஒத்துப்போகுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கருவி வந்த பிறகும் தவறுகள் நடக்கும். மைக் தாலிச் சங்கிலியிலோ ஐடி கார்டிலோ உரசினால் பிள்ளைக்குக் கரகரப்புதான் கேட்கும். மியூட் செய்யாமல் ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்குப் போனால் அங்கே பேசுவதெல்லாம் மாணவியின் காதில் விழக்கூடும். வேறொரு பிள்ளை பதில் சொல்லும்போது மைக்கை அவரிடம் கொடுங்கள். முடியாவிட்டால் அவர் சொன்னதை ஆசிரியரே திருப்பிச் சொல்லலாம்.

காலையில் ஒரு நிமிடச் சோதனை போதும். வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். முதலில் மைக் இல்லாமல் அருகில் நின்று சொல்லுங்கள், அப்புறம் மைக்கோடு வகுப்பின் கோடிக்குப் போய். அருகில் சரியாகச் சொன்ன பிள்ளை தூரத்தில் திணறினால், கோளாறு மைக்கிலோ ரிசீவரிலோதான். சார்ஜையும் இணைப்பையும் பாருங்கள். அருகிலேயே 'ஸ்' விட்டுப்போனால் ஹியரிங் எய்டைப் பாருங்கள்: பேட்டரி தீர்ந்திருக்கலாம், டியூபில் அழுக்கு அடைத்திருக்கலாம்.