இரண்டு சிம்முக்கும் இரண்டு ரிங்டோன், அம்மாவுக்குத் தனியாக ஒன்று

அப்பா போனில் ஒரு சிம் வீட்டுக்கு, இன்னொன்று கடைக்கு. இரண்டும் ஒரே மாதிரி அடிப்பதால், மதியம் சாப்பிட உட்காரும்போது போன் அடித்தால் கையைக் கழுவிவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பார், பார்த்தால் கடைக்குச் சரக்கு போடுகிறவராக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். அவருடையது சாம்சங்; மற்ற போன்களில் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

முதலில் சிம்முக்கு. Settings திறந்து Sounds and vibration, அதற்குள் Ringtone. இரண்டு சிம்மும் போட்டிருந்தால் SIM 1, SIM 2 என்று தனித்தனியாகக் காட்டும். ஒவ்வொன்றையும் தொட்டு வேறு வேறு டோன் வையுங்கள். உங்களிடம் இருக்கும் பாட்டு வேண்டுமென்றால் மேலே இருக்கும் + குறியைத் தொட்டு எடுக்கலாம். கடை சிம்முக்குப் பழைய மணிச்சத்தம், வீட்டு சிம்முக்குப் புல்லாங்குழல் என்று வைத்தேன். இரண்டுமே மெல்லிசையாக இருந்தால் அடுத்த அறையிலிருந்து வித்தியாசம் தெரியாது. சில போன்களில் சிம்முக்குத் தனி டோன் வைக்கும் வசதியே கிடையாது, அங்கே அடுத்த வழி மட்டும்தான்.

அது ஆளுக்குத் தனி டோன் வைப்பது. Contacts-இல் அம்மாவின் பெயரைத் திறந்து, Edit, அப்புறம் View more, கீழே Ringtone. கூகுளின் Contacts ஆப் என்றால் பெயரைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டால் Set ringtone வரும்.

இங்கேதான் நான் மாட்டினேன். அம்மா பெயரில் Ringtone என்ற வரியே இல்லை, தம்பி பெயரில் இருக்கிறது! பிறகுதான் பார்த்தேன், அம்மாவின் எண் சிம் கார்டிலேயே சேமித்தது. பழைய பட்டன் போன் காலத்துப் பழக்கம். சிம்மில் பெயர், எண் போன்ற சிலவற்றுக்குத்தான் இடம் உண்டு, ரிங்டோன் விவரம் அதில் நிற்காது. அந்த எண்ணை Phone அல்லது கூகுள் கணக்கில் புதிதாகச் சேமித்து, சிம்மில் இருப்பதை அழித்தேன், வரி வந்துவிட்டது.

ஆளுக்கு வைத்த டோன் சிம் டோனை மீறி அடிக்கும். அம்மா எந்த எண்ணுக்குக் கூப்பிட்டாலும் அவருடைய டோன்தான், எந்த சிம் என்பது திரையைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் நாலைந்து பேருக்கு மேல் வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப் அழைப்புக்கு இது எதுவும் செல்லாது, அதன் டோனை வாட்ஸ்அப்புக்குள்ளேயே மாற்ற வேண்டும். இன்னொன்று, டோனாக வைத்த பாட்டு ஃபைலை இடம் போதவில்லை என்று அழித்தால் அதற்குப் பதில் போனோடு வந்த டோன் அடிக்கலாம்.

கடைசியாக, வேறொரு போனிலிருந்து இரண்டு எண்ணுக்கும் கூப்பிட்டுப் பாருங்கள். அப்பா சமையலறையில் நின்றபடி "இது கடை", "இது வீடு" என்று சரியாகச் சொன்னார், ஆனால் அம்மாவின் டோனுக்கு மட்டும் "சத்தத்தைக் குறைடா" என்றார்.