கண் இருட்டும்போது நடக்காதீர்கள்: மயங்கி விழுவதற்கு முந்தைய அரை நிமிடத்தில் நாம் செய்யும் தவறுகள்

ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொடுத்தேன். "ஒண்ணும் இல்லை சிஸ்டர், கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்த அந்தக் கல்லூரி மாணவி, பத்துப் பன்னிரண்டு அடி நடந்து வாஷ்பேசின் அருகே அப்படியே சரிந்தாள். மோவாய் கிழிந்து நான்கு தையல் போட வேண்டியிருந்தது. படுக்க வைத்துச் சில நிமிடம் கழித்துப் பிரஷர் பார்த்தால் 112/74. இதயத் துடிப்பும் சரியாக இருந்தது. இ.சி.ஜி.யிலும் குறை எதுவும் இல்லை.

அவள் விழுந்ததில் என் பங்கும் உண்டு. ஊசி போடும்போதே இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. காலையில் சீக்கிரம் எழுந்த தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிட்டேன். முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, புழுக்கமான வராந்தாவில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறாள், அதற்கு மேல் ஊசி. இத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த நானே அவளை எழுந்து போகவிட்டேன். அன்றிலிருந்து ஊசி போடும் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதற்குப் பெயர் வாசோவேகல் மயக்கம். நாம் நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கித் தேங்கும். சாதாரணமாக உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தைக் கொஞ்சம் வேகப்படுத்திச் சமாளித்துவிடும். சிலருக்குச் சில நேரங்களில் இந்த ஏற்பாடு திடீரென்று தலைகீழாகிவிடுகிறது. குழாய்கள் தளர்கின்றன, வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, பிரஷர் சரசரவென்று இறங்குகிறது. மூளைக்கு ஏழெட்டு விநாடி போதிய ரத்தம் போகாவிட்டால் நினைவு தப்பிவிடும். இதைத் தூண்டிவிடுபவை நமக்குப் பழக்கமானவைதான்: வெயிலில் அசையாமல் நிற்பது, கூட்டப் புழுக்கம், ரத்தத்தைப் பார்ப்பது, ஊசி, வலி, அதிர்ச்சியான செய்தி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சிலருக்கு முக்கி மலம் கழிக்கும்போதோ, தூக்கத்தில் எழுந்து நின்றபடி சிறுநீர் கழிக்கும்போதோ வரும். பள்ளி அசெம்பிளியில் விறைப்பாக நிற்கும் பிள்ளைகள் விழுவதும் பெரும்பாலும் இதனால்தான். கெண்டைக்கால் தசை அசையும்போது தேங்கிய ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும்; அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுபோகிறது.

"பிரஷர் நார்மல்தானே, அப்புறம் எப்படி மயக்கம்?" என்று வீட்டார் கேட்பார்கள். முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. விழுந்து ஐந்து நிமிடம் கழித்து எடுக்கும் அளவு, விழுந்த அந்த நொடியில் பிரஷர் எவ்வளவு இருந்தது என்று சொல்லாது. படுத்ததுமே அது ஏறிவிடும். ஆகவே நார்மல் என்றதும் 'நடிக்கிறாள்' என்பதும் சரியல்ல, எந்நேரமும் 'லோ பிரஷர்காரி' என்று முத்திரை குத்துவதும் சரியல்ல. மற்ற நேரங்களில் பிரஷர் முற்றிலும் சரியாக இருப்பவர்களுக்கும் இந்த மயக்கம் வரும். சொல்லப்போனால் கீழே சொல்லும் தசை இறுக்கும் முறைகள் அவர்களுக்குத் தயங்காமல் கற்றுக்கொடுக்கக் கூடியவை, ஏனென்றால் இவை பிரஷரைக் கொஞ்ச நேரம் ஏற்றிவிடுபவை. கட்டுப்படாத உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

எழுந்து வெளியே போவது

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் காயப்படுவது இந்தத் தவறால்தான். விழுவதற்கு முன்னால் பெரும்பாலானோருக்கு எச்சரிக்கை வருகிறது. கொட்டாவி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, உதடு வெளுப்பது, காது அடைப்பது, பேச்சுச் சத்தம் தூரத்தில் கேட்பது, பார்வை ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வருவது. சிலருக்கு இது பத்து விநாடி, சிலருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். அந்த நேரத்தில் "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று எழுவார்கள். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். உட்கார்ந்திருந்தவர் எழுந்த அந்தக் கணமே இன்னும் ரத்தம் கீழே இறங்கும். விழும் இடம் படிக்கட்டாகவோ, ஓடு பதித்த குறுகிய அறையாகவோ இருந்துவிடும்.

அந்த அரை நிமிடம் இடம் மாறுவதற்கு அல்ல, தசையை இறுக்குவதற்கு. நின்றுகொண்டிருந்தால் சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு ஒரு காலை மற்றதன் குறுக்கே போடுங்கள். இரண்டு தொடைகளையும் ஒன்றோடொன்று நெருக்கி அழுத்துங்கள். பிட்டத்தையும் அடிவயிற்றையும் சேர்த்து இறுக்குங்கள். தலை தெளியும் வரை அப்படியே பிடித்திருங்கள், குறைந்தது அரை நிமிடம். உட்கார்ந்திருந்தாலும் இதையே செய்யலாம். கால் வசதிப்படாவிட்டால் இரண்டு கை விரல்களையும் கொக்கி போலக் கோத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுப்பதுபோல வெளிப்பக்கமாக இழுக்கலாம். ஆனால் முடிந்தவரை கால் தசைகளையே முதலில் பயன்படுத்துங்கள். தொடையிலும் பிட்டத்திலும்தான் பெரிய தசைகள் இருக்கின்றன, ரத்தம் தேங்கியிருப்பதும் அந்தப் பக்கம்தான்.

ஆம்ஸ்டர்டாமில் ஆளைச் சாய்த்து நிறுத்தும் சோதனை மேசையில் மயக்கத்தின் விளிம்புக்குக் கொண்டுவரப்பட்டவர்களிடம் இந்தக் கால் குறுக்கீட்டைச் செய்யச் சொல்லி அளந்து, 2002-இல் வெளியிட்டார்கள். மேல் அளவு சராசரியாக 65-க்கு இறங்கியிருந்த பிரஷர் 106-க்கு ஏறியது. சிலர் மயங்கவேயில்லை, மற்றவர்களுக்கு மயக்கம் தள்ளிப்போனது. படுத்துக்கொள்ள ஓர் இடம் தேடச் சில நிமிடம் கிடைத்தாலே அடிபடாமல் தப்பிக்கலாம். 2006-இல் வந்த பெரிய ஆய்வில், அடிக்கடி மயங்கும் 223 பேரில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் மறுபடி மயங்கினார்கள். தசைப் பயிற்சியும் பெற்றவர்களில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே. எல்லோரையும் காப்பாற்றாது என்பதும் இதிலேயே தெரிகிறது.

இறுக்குவதிலும் தவறு உண்டு

"செஞ்சு பார்த்தேன் சிஸ்டர், கேக்கலை" என்பவர்களிடம் என் முன்னால் செய்துகாட்டச் சொல்வேன். பலரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க முக்குவார்கள். மூச்சை அடக்கி முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்துவிடும். எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதையே வரவழைக்கிற வேலை இது. இறுக்கும்போது சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்கிறேன். எண்ணிக்கொண்டே இருப்பவரால் மூச்சை அடக்க முடியாது.

இன்னும் சிலர் காலைக் குறுக்கே போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். போட்டால் மட்டும் போதாது, அழுத்த வேண்டும். தொடையில் கை வைத்துப் பார்த்தால் கல்போல இருக்க வேண்டும். மற்றொரு தவறு, கண் முழுக்க இருட்டின பிறகு தொடங்குவது. முதல் கொட்டாவிக்கே, முதல் குமட்டலுக்கே தொடங்கிவிட வேண்டும். வீட்டில் பயமில்லாத நேரத்தில் நாலைந்து தடவை பழகிவைத்தால்தான் அந்தக் குழப்பத்தில் உடம்புக்கு ஞாபகம் வரும்.

எல்லாவற்றையும்விட வேகமாக வேலை செய்வது குத்துக்காலிட்டு உட்காருவது. நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமான உட்காரல்தான். கால் மடங்கும்போதே ரத்தம் மேலே தள்ளப்படும், விழுந்தாலும் உயரம் குறைவு. ஆபத்து திரும்ப எழும்போதுதான். தெளிந்துவிட்டது என்று சட்டென்று எழுந்தால் ரத்தம் மறுபடி காலுக்கு இறங்கும், இரண்டாவது மயக்கம் அங்கே காத்திருக்கும். தொடையை இறுக்கிக்கொண்டே மெல்ல எழுந்து, எழுந்ததும் காலைக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கியும் தெளியவில்லை என்றால் யோசிக்காமல் இருக்கும் இடத்திலேயே படுத்துவிடுங்கள். தரை அழுக்கு, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டு விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுற்றி நிற்பவர்கள்

விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள், தோளைப் பிடித்து நிமிர்த்தி வைக்காதீர்கள். அந்த உடம்பு தானாகத் தேடிக்கொண்ட வைத்தியமே படுத்த நிலைதான். நிமிர்த்தினால் மூளைக்கு ரத்தம் போவது மேலும் தாமதமாகும், சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். உடனே வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். மயக்கத்திலும் சில விநாடி அப்படி இழுக்கும், படுக்கவைத்தால் நின்றுவிடும். இரும்பும் வேண்டாம், நினைவில்லாதவர் வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை ஒரு பையின்மேல் உயர்த்திவையுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். அதற்குப் பிறகும் பத்து நிமிடமாவது படுத்திருக்கட்டும்.

ஒரு நிமிடத்துக்கு மேல் நினைவு திரும்பாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கியவர், படுத்திருக்கும்போதே மயங்கியவர், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விழுந்தவர், நெஞ்சுவலியோ படபடப்போ வந்து விழுந்தவர், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருப்பவர் ஆகியோருக்கு இந்தக் கட்டுரையில் சொன்னது போதாது. இதயத்தின் துடிப்புக் கோளாறாக இருக்கலாம். இ.சி.ஜி. எடுத்து மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த மாணவி மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வந்தாள். முகத்திலேயே பயம் தெரிந்தது. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கும் தண்ணீர் குடிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்திருந்தாள். நாற்காலியில் வேண்டாம் என்று கட்டிலில் படுக்கவைத்தேன். ஊசி போடும் கை தளர்ந்தே இருக்கட்டும், மற்றக் கையை முஷ்டியாக்கி இரண்டு கால்களையும் பிட்டத்தையும் இறுக்கச் சொன்னேன். முகத்தில் லேசாகச் சூடு ஏறும்வரை, பத்துப் பதினைந்து விநாடி. பிறகு அரை நிமிடம் சாதாரணமாக விடுவது. மறுபடி இறுக்குவது. ஊசி வெளியே வருவதற்குள் அப்படி நான்கு தடவை செய்தாள், சத்தமாக எண்ணிக்கொண்டே. ஒரே ஒரு கொட்டாவி வந்தது. "சிஸ்டர், வருது" என்றாள். ஐந்தாவது தடவையை உடனே தொடங்கச் சொன்னேன், உதட்டில் நிறம் திரும்பியது. பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு, இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு எழுந்தாள். வாஷ்பேசின் வரைக்கும் நானும் கூடவே நடந்தேன்.