யூரின் ரிப்போர்ட்டில் 'ட்ரேஸ்' என்று வந்தால்

புரோட்டீன் வரிசையில் 'ட்ரேஸ்' என்று பார்த்ததும் சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். இல்லை என்பதற்கும் 1+ என்பதற்கும் நடுவில் உள்ள மிக லேசான நிறமாற்றம் அது. உடனே மேலே, சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் 'ஸ்பெசிஃபிக் கிராவிட்டி'யைப் பாருங்கள்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம்: கிராவிட்டி 1.030, புரோட்டீன் ட்ரேஸ், சுகர் நில், பஸ் செல்ஸ் 6–8, எபிதீலியல் செல்ஸ் 10–12. கிராவிட்டி 1.030 என்றால் சிறுநீர் ரொம்பக் கெட்டியாக இருந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் புரோட்டீன் இருந்தாலும் அதிகமாகத் தெரியும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் இப்படி வரலாம். அதே ட்ரேஸ் 1.005-ல் வந்தால் நான் லேசாக விடமாட்டேன், நீர்த்த சிறுநீரிலேயே தெரிகிறதே!

பஸ் செல்ஸ் எனும் சீழ் அணுக்கள் பொதுவாக 0–5 வரை சரி. இங்கே கூடியிருக்கிறது, ஆனால் எபிதீலியல் செல்ஸும் அதிகம்; வெளித்தோலிலிருந்து கலந்திருக்கலாம். எரிச்சலோ காய்ச்சலோ இல்லையென்றால், சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, காலை முதல் சிறுநீரில் மறுபடி சோதிக்கலாம். மாதவிடாய் நாட்களைத் தவிர்க்கவும்.

அப்போதும் ட்ரேஸ் என்றால், குறிப்பாகச் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால், மருத்துவரிடம் அல்புமின்–கிரியாட்டினின் விகிதச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

சுகர் 'நில்' என்பது சர்க்கரை நோய் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 mg/dL-ஐத் தாண்டினால்தான் பெரும்பாலும் சிறுநீரில் இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ, ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தாலும் சுகர் வரும். அது மாத்திரையின் வேலை.