ஒரே மாதிரிப் பெயருள்ள கம்பெனிகள்: சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009-இல் பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ், டெய்லர் அண்ட் சன் என்ற கம்பெனியைக் கலைக்கும் உத்தரவை டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற வேறொரு கம்பெனியின் கணக்கில் ஏற்றிவிட்டது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கார்டிஃபில் நூறாண்டுக்கு மேல் நடந்துவந்த டெய்லர் அண்ட் சன்ஸில் சுமார் 250 பேர் வேலை பார்த்தார்கள். சில நாட்களில் பதிவைத் திருத்தியும் பயனில்லை. தகவல் அதற்குள் வெளியே பரவி, சப்ளையர்கள் கடனுக்குச் சரக்குத் தர மறுத்தார்கள், கம்பெனி நொடித்தது. தவறுக்குப் பதிவகமே பொறுப்பு என்று 2015-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். பதிவு எண்களோ வேறு வேறு.

நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஸ்ரீ, லட்சுமி, முருகன் என்று தொடங்கும் பெயர்களுக்குக் கணக்கில்லை. ஆங்கிலத்தில் ஒருவர் Sri என்பார், ஒருவர் Sree என்பார், Lakshmi இன்னொருவரிடம் Laxmi ஆகும். தேடும்போது எல்லா ஸ்பெல்லிங்குகளையும் போட்டுத் தேடுங்கள். ஆனால் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்துவதுதான் பெரும்பாலான குழப்பத்துக்கு மூலம். ஒத்துப்போகும் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

கழிப்பதற்கு முதல் ஆதாரம், ஒவ்வொரு கம்பெனிக்கும் பதிவின்போது தரப்படும் அடையாள எண்ணான, 21 எழுத்து நீளமுள்ள சிஐஎன். கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் இது இருந்தாக வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டத்தின் விதி. ஒரு மாதிரியைப் பாருங்கள்:

```
U17111TZ2009PTC######
```

U என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. TZ கோயம்புத்தூர்ப் பதிவாளரைக் குறிக்கும். சென்னை என்றால் TN. 2009 பதிவான ஆண்டு, PTC பிரைவேட் லிமிடெட், கடைசி ஆறு பதிவு எண். இந்த ஆறு இலக்கத்தை மட்டும் ஒப்பிடுவது தவறு, ஏனென்றால் ஒவ்வொரு பதிவாளரிடமும் எண் வரிசை தனி. சென்னையிலும் கோவையிலும் ஒரே எண் இருக்கலாம். சிஐஎன் முழுதாக ஒத்துப்போகவில்லை என்றதும் வேறு கம்பெனி என்று முடிவுகட்டுவதும் தவறுதான். பட்டியலிடப்பட்டால் U, L ஆகும். பப்ளிக் லிமிடெட் ஆனால் PTC, PLC ஆகும். வேறு மாநிலத்துக்கு மாறினால் மாநிலக் குறியோடு பதிவு எண்ணும் மாறும். பதிவான ஆண்டு மட்டும் அப்படியே நிற்கும்.

அப்படிச் சந்தேகம் வந்தால் பான் எண்ணுக்குப் போகலாம். பான் ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே, 3-ஆம் இடத்திலிருந்து 12-ஆம் இடம் வரை இருக்கிறது. ஒரே பெயரில் மூன்று பில்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம்:

```
33AABCS####K1Z#
29AABCS####K1Z#
33ABCPS####L1Z#
```

முதல் இரண்டும் ஜிஎஸ்டி எண் வேறு என்பதால் வேறு கம்பெனி என்று பலர் பிரித்துவிடுவார்கள். 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா. நடுவில் பான் ஒன்றே, ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு மாநிலப் பதிவுகள். மூன்றாவதும் 33 என்பதால் முதலாவதோடு சேர்க்கத் தோன்றும், ஆனால் பானின் நான்காவது எழுத்து P: அது தனிநபருடையது. கம்பெனிக்கு அங்கே C இருக்கும், கூட்டாண்மைக்கு F. யாரோ தன் கடைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் சட்டப்பூர்வப் பெயரும் வணிகப் பெயரும் தனித்தனியாக வரும். வணிகப் பெயரைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள்.

முகவரியை நான் கடைசியில்தான் நம்புவேன். ஆடிட்டர் அலுவலக முகவரியிலேயே பல கம்பெனிகள் பதிவாகியிருக்கும். ஒரே குடும்பத்தின் மூன்று கம்பெனிகள் ஒரே கட்டடத்தில் இயங்கும். பதிவு அலுவலகம் கோவையிலும் மில் வேறு ஊரிலும் இருப்பதும் சகஜம். முகவரி ஒத்துப்போவதும் போகாததும் தனியாக எதையும் நிரூபிக்காது.

பதிவான தேதி சில சமயம் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும். பதிவாவதற்கு முந்தைய தேதியில் அந்தக் கம்பெனி பெயரில் ஒப்பந்தம் இருந்தால் நின்று கேளுங்கள். போர்டில் ‘1985 முதல்’ என்றிருக்க, சிஐஎன் 2009 காட்டினால் உடனே மோசடி என்று நினைக்க வேண்டாம். பழைய கூட்டாண்மை 2009-இல் கம்பெனியாக மாறியிருக்கலாம். ஆனால் அந்தக் கம்பெனி புதிய சட்ட நபர், பான் வேறு. பழைய பாக்கி யாருடையது என்பதை மாற்ற ஆவணத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இவ்வளவும் பார்த்தபிறகும் இரண்டு கம்பெனிகள் மிச்சம் இருந்தால், பதிவுச் சான்றிதழ், பான் நகல் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் லெட்ஜரில் பெயருக்குப் பக்கத்தில் பானையும் சிஐஎன்னையும் சேர்த்தே பதியுங்கள், அடுத்த பில்லைப் போடுபவர் பெயரை மட்டும் பார்த்துக் கணக்கைத் தேர்ந்தெடுக்காமல் இருக்க.