பார்சல் எந்த நாளில் வந்து சேரும்? வேலைநாள் கணக்கிடும் முறை

முதலில், எண்ணிக்கை தொடங்கும் பூஜ்ஜிய நாளைக் கண்டுபிடிக்க வேண்டும்; அதற்கு அடுத்த வேலைநாளே 1. ஒவ்வொரு தபால் நிலையத்திலும் அன்றைய பைகளைக் கட்டி வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு கடைசி நேரம் உண்டு. அதற்கு முன் கொடுத்த பார்சலுக்கு அந்த நாளே பூஜ்ஜிய நாள். பிறகு கொடுத்தால், ரசீதில் எந்தத் தேதி இருந்தாலும், அடுத்த வேலைநாள்தான் பூஜ்ஜிய நாள். கணக்குகள் பெரும்பாலும் பிசகுவது இங்கேதான்.

அடுத்து, அனுப்பும் ஊர், பெறும் ஊர் ஆகிய இரண்டின் அஞ்சல் குறியீடுகளையும் கொண்டு, அஞ்சல் துறையின் அட்டவணையில் தூர மண்டலத்தைப் பாருங்கள். அது எத்தனை வேலைநாள் என்று சொல்லும்.

இனி நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். கடைசி நேரம் மாலை 4 மணி, வியாழக்கிழமை 5.30 மணிக்குப் பார்சலைக் கொடுத்தீர்கள். மண்டலக் கணக்கு 3 முதல் 4 வேலைநாள். சனி, ஞாயிறு பட்டுவாடா இல்லை என்று வைத்துக்கொள்வோம். பெறும் ஊரில் வரும் புதன்கிழமை உள்ளூர் விடுமுறை என்று கொள்ளுங்கள். வெள்ளி பூஜ்ஜிய நாள், திங்கள் 1, செவ்வாய் 2, புதனைத் தாண்டி வியாழன் 3, வெள்ளி 4. ஆகவே பார்சலை வியாழன் அல்லது வெள்ளியன்று எதிர்பார்க்கலாம். கடைசி நேரத்தையும் விடுமுறையையும் கவனிக்காமல் எண்ணியிருந்தால் செவ்வாய் அல்லது புதன் என்று வந்திருக்கும். பட்டுவாடா நாளைத் தீர்மானிப்பது பெறும் ஊரின் விடுமுறை என்பதால், உங்கள் ஊர் நாட்காட்டியை மட்டும் பார்ப்பது போதாது.

மண்டலம் தூரத்தைச் சொல்கிறதே தவிர, வழியைச் சொல்வதில்லை. பார்சல் முதலில் உங்கள் பகுதியின் பிரிப்பு மையத்துக்கும், அங்கிருந்து பெறும் பகுதியின் பிரிப்பு மையத்துக்கும், கடைசியாகப் பட்டுவாடா நிலையத்துக்கும் செல்கிறது. அருகருகே உள்ள இரண்டு ஊர்கள் வெவ்வேறு மையங்களின் கீழ் இருந்தால், பார்சல் எதிர்த்திசையில் போய்ச் சுற்றி வரக்கூடும்; அப்போது அட்டவணை தரும் குறைந்த நாளை விட்டு, அதிக நாளையே எடுத்துக்கொள்வது நல்லது. பட்டுவாடா நிலையத்தில் தபால்காரர்கள் புறப்பட்ட பிறகு வந்து சேரும் பார்சலும் மறுநாளுக்குத் தள்ளிப்போகும்.

அனுப்பிய பின் டிராக்கிங்கைப் பார்த்துத் தேதியைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு மையத்தில் 'பெறப்பட்டது' என்ற பதிவு மட்டும் இருந்து, அடுத்த வேலைநாள் முழுவதும் 'அனுப்பப்பட்டது' என்ற பதிவு வராவிட்டால், அன்றைய வண்டியைப் பார்சல் தவறவிட்டிருக்கலாம். உங்கள் தேதியை ஒரு வேலைநாள் தள்ளி வையுங்கள். ஆனால் 'அனுப்பப்பட்டது' என்று வந்த பிறகு நிலவும் மௌனத்துக்குப் பொருள் வேறு: பூட்டிய பைக்குள் பயணிக்கும் பார்சல், அந்தப் பையைத் திறக்கும் வரை தனியாக ஸ்கேன் ஆகாது. விடுமுறையன்று பிரிப்பு மையம் இயங்கி, புதிய பதிவு ஒன்று தோன்றினாலும் அந்த நாளை வேலைநாளாக எண்ணாதீர்கள். பட்டுவாடா நிலையம் அன்று மூடியே இருக்கும்.