பொதுப்பகுதியை இரண்டு முறை எண்ணிவிட்டோமா?

40 மாணவர்களில் 22 பேர் கிரிக்கெட், 17 பேர் கபடி, 8 பேர் இரண்டுமே ஆடுகிறார்கள். எதுவும் ஆடாதவர்கள் எத்தனை பேர்? 22+17=39, ஆக விடை 1 என்று பலர் எழுதிவிடுவார்கள். பார்க்க நம்பும்படி இருப்பதுதான் இதில் ஆபத்து.

சரிபார்க்க வென்படம் வரைந்து, பொதுப்பகுதியில் முதலில் 8 எழுதுங்கள். கிரிக்கெட் மட்டும் 22-8=14, கபடி மட்டும் 17-8=9. வெளியே உங்கள் விடையான 1. கூட்டினால் 14+8+9+1=32. மொத்தத்துக்கு 8 குறைகிறது. குறைவது சரியாகப் பொதுப்பகுதியின் எண்ணிக்கையே என்றால், அதைத்தான் இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். சரியான விடை 9.

அப்புறம், கேள்வியிலேயே "கிரிக்கெட் மட்டும் 22 பேர்" என்றிருந்தால் அந்த 22-இலிருந்து 8-ஐக் கழிக்கக் கூடாது.