700 கிராம் பாகத்துக்கு 2.5 கிலோ ஸ்டீல்: எடை, விலை கணக்கில் நேரும் தவறுகள்

சாலிட்வொர்க்ஸ் CAD மென்பொருளில் Mass Properties அழுத்தினால் எடை, கன அளவு, ஈர்ப்பு மையம் மூன்றும் ஒரே பெட்டியில் வந்து விழும். அவற்றைப் படிப்பதிலும், அந்த எடையை அப்படியே கிலோ ரேட்டால் பெருக்குவதிலும்தான் கொட்டேஷன்கள் தவறிப்போகின்றன. ஒரு ஃபிளேஞ்சு புஷ்ஷை வைத்துப் பார்ப்போம். ஃபிளேஞ்சு 80 மி.மீ. விட்டம், 12 மி.மீ. தடிமன், கழுத்து 40 மி.மீ. விட்டம், மொத்த நீளம் 50, நடுவில் 20 மி.மீ. துளை. ஃபிளேஞ்சில் 60 PCD-யில், அதாவது 60 மி.மீ. விட்ட வட்டத்தில், நான்கு 9 மி.மீ. துளைகள். பொருள் EN8 ஸ்டீல். திரையில் வருவது இது:

```
Density = 0.01 grams per cubic millimeter
Mass = 701.08 grams
Volume = 89309.20 cubic millimeters
```

முதல் வரியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டீலின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம், கன மி.மீ.க்கு 0.00785 கிராம். இரண்டு தசம இடம் மட்டும் காட்டும்படி வைத்திருப்பதால் திரை அதை 0.01 என்று ரவுண்டாக்கிக் காட்டுகிறது. உள்ளே கணக்கு சரியாகத்தான் நடக்கிறது. ஆனால் திரையில் தெரியும் 0.01-ஐ எடுத்து எக்செலில் 89309-ஆல் பெருக்குபவருக்கு 893 கிராம் வரும். 27 சதவீதம் கூடுதல். Options-இல் தசம இடங்களைக் கூட்டுங்கள், அல்லது அலகை செ.மீ.க்கு மாற்றுங்கள்.

அதே வரியில் 0.00 என்று இருந்தால் விஷயம் வேறு. பெரும்பாலும் பொருளே ஒதுக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்போது மென்பொருள் டெம்ப்ளேட்டில் உள்ள அடர்த்தியை எடுத்துக்கொள்ளும்; அது பொதுவாக தண்ணீரின் அடர்த்தி, கன மீட்டருக்கு 1000 கிலோ. நம் புஷ் 89.31 கிராம் என்று காட்டும். கன செ.மீ. எண்ணும் கிராம் எண்ணும் ஒன்றாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். அலுமினியமும் 0.0027 என்பதால் 0.00 என்றே தெரியும். ஆகவே எடையைக் கன அளவால் வகுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

இதற்கு நேர்மாறாக, தேவையில்லாத இடத்தில் கவலைப்படுபவர்களும் உண்டு. நூலகத்தில் Plain Carbon Steel 7800, AISI 1020 7900 என்று இருக்கும். எதைத் தேர்வு செய்வது என்று அரை மணி நேரம் யோசிப்பார்கள். வித்தியாசம் 1.3 சதவீதம்தான். ஸ்டீலுக்கும் வார்ப்பிரும்புக்கும் (சுமார் 7.2) இடையே குழப்பிக்கொண்டால் 8 சதவீதம் போகும், அங்கேதான் கவனம் வேண்டும்.

ஈர்ப்பு மையத்துக்கு வருவோம். புஷ்ஷின் அச்சு Z, ஃபிளேஞ்சின் வெளிமுகத்தில் ஆரிஜின் என்றால் X = 0, Y = 0, Z = 16.03 என்று வரும். கழுத்தின் முனையில் ஆரிஜின் வைத்து வரைந்தவருக்கு இதே பாகத்தில் 33.97 வரும். இரண்டும் சரி, ஒரே புள்ளிதான். எந்த முகத்திலிருந்து என்று சொல்லாமல் வெறும் 16.03-ஐ ஃபிக்சர் செய்பவரிடம் கொடுப்பதுதான் தவறு. வெளியிலிருந்து வந்த STEP கோப்பில் ஆரிஜின் பாகத்துக்கு வெளியே எங்கோ கிடக்கலாம். தேவையான முகத்தில் ஒரு கோஆர்டினேட் சிஸ்டம் போட்டு, பெட்டியில் Report coordinate values relative to என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்த பிறகே எண்ணைப் படிக்க வேண்டும்.

அந்தப் புள்ளி 20 மி.மீ. துளையின் நடுவே, உலோகமே இல்லாத இடத்தில் நிற்பதைப் பார்த்து மாடல் பிழை என்று நினைக்க வேண்டாம். வளையத்தின் மையம் வெறுமையில்தான் இருக்கும்.

X, Y எண்களை ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். சமச்சீரான பாகத்தில் அவை பூஜ்யமாக இருக்க வேண்டும். X-இல் 0.25 என்று வந்தால், X அச்சில் உள்ள 9 மி.மீ. துளை ஒன்று விடுபட்டிருக்கிறது: அந்த 6 கிராம் உலோகம் மையத்தைத் தன் பக்கம் கால் மி.மீ. இழுத்துவிட்டது. எடையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 701-க்கும் 707-க்கும் யார் கண் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது காசு. கிலோ 75 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 0.701-ஐ 75-ஆல் பெருக்கி 53 ரூபாய் என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கடைக்காரர் புஷ்ஷை விற்பதில்லை, ரவுண்டு பாரை விற்கிறார். 80 மி.மீ. ஃபினிஷுக்கு மேல்தோல் போக 85 மி.மீ. கறுப்பு பார் வேண்டும். நீளம் 50; இரு முகங்களிலும் ஃபேசிங்குக்கு 1.5 வீதம் 3. ரம்பத்தின் வெட்டுக்கும் சற்றே சாய்ந்து அறுபடுவதற்கும் இன்னொரு 3. ஆக 56 மி.மீ. துண்டு. அதன் கன அளவு 317.8 கன செ.மீ., எடை 2.49 கிலோ, விலை 187 ரூபாய். ஃபினிஷ் எடையைப்போல மூன்றரை மடங்கு.

இதைச் சரிபார்க்க கம்ப்யூட்டர் வேண்டாம். கட்டடக் கம்பிக்குப் போடும் அதே சூத்திரம் போதும்: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 85 × 85 ÷ 162 = 44.6 கிலோ, 0.056 மீட்டருக்கு 2.5 கிலோ. ஸ்டீல் உருளைக்கு மட்டும்தான் இது பொருந்தும். பித்தளைக்கோ அலுமினியத்துக்கோ வந்த எடையை அடர்த்தி விகிதத்தால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, 187-இலிருந்து ஸ்க்ராப் மதிப்பை அப்படியே கழிப்பது. அறுத்த தூள் கடைக்காரரிடமே நின்றுவிடும். லேத்தில் விழும் சிப்ஸ் சுமார் 1.66 கிலோ. கிலோ 25 ரூபாய்க்குப் போனால் 41 ரூபாய் திரும்பும், நிகரம் 146. ஆனால் சிப்ஸில் கூலன்ட் எண்ணெய் ஒட்டியிருந்தாலும், பித்தளையும் இரும்பும் ஒரே டிரேயில் கலந்திருந்தாலும் அந்த ரேட் கிடைக்காது. ஸ்க்ராப் உண்மையிலேயே தனியாகச் சேர்த்து விற்கப்படுகிறதென்றால் மட்டும் கழியுங்கள். 10 புஷ் ஆர்டருக்குக் கழிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

பில் எடைக்கும் கணக்கு எடைக்கும் வித்தியாசம் வருவதற்கு இன்னொரு காரணம் பாரின் உண்மையான விட்டம். 85 என்று பெயர் சொன்ன கறுப்பு பார் கேலிப்பரில் 86 காட்டினால், வர்க்கமாகக் கூடுவதால் எடை 2.4 சதவீதம் ஏறும். கடையில் தராசு எடைக்குத்தான் பில். பார் வந்ததும் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, அந்த விட்டத்தைக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் புஷ் முடிந்ததும் அதையும் தராசில் வையுங்கள். 701-க்கு அருகே, சில கிராம் முன்பின் இருக்க வேண்டும். 640 கிராம் காட்டினால் பொருள் மாறியிருக்கிறது, இல்லையென்றால் வரைபடத்தில் இல்லாத ஏதோ ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.